தபாலில் வந்த பிணமும் பரண் ஏறிய எபிசோடுகளும்

ஒரு கதையின் முதல் அத்தியாயத்தைக் கடைசியில் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலிடம் அது நிறையவே இருந்தது. ‘ஃபயர்ஃபிளை’ என்ற தொடரின் பைலட் எபிசோடு இரண்டு மணி நேரம் ஓடக்கூடியது. கப்பல் எது, அதில் இருப்பவர்கள் யார், எதற்காக ஓடுகிறார்கள் என்றெல்லாம் அறிமுகப்படுத்துவதற்காகவே எடுத்தது. அதை 2002 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு ஒளிபரப்பினார்கள். தொடரை ஊற்றி மூடிவிட்டோம் என்று அறிவித்த பிறகு! மூன்று மாதமாக இவர்களெல்லாம் யாரென்று அரைகுறையாகத் தெரிந்துகொண்டே பார்த்த ரசிகர்களுக்கு, பிரிந்துபோகும் நாளில் ‘வணக்கம், என் பெயர் இன்னது’ என்று கைகுலுக்கிவிட்டுப் போனது அந்தக் கப்பல்.

இத்தனைக்கும் எடுத்த எபிசோடுகள் அதோடு தீர்ந்துவிடவும் இல்லை. மொத்தம் எடுத்தது 14. காட்டியது 11. மீதி மூன்று எபிசோடுகளும் எழுதி, நடித்து, வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, ஒளிபரப்புக்குத் தயாரான நிலையில் பரண் ஏறின. அந்த மூன்றும் ஏன் ஏறின, எப்படி இறங்கின என்பதுதான் கதை. இதில் வில்லன் ஒருவன் கிடைத்தால் சௌகரியமாக இருக்கும். கிடைத்ததெல்லாம் கணக்குப்பிள்ளைகள்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, விண்வெளியில் ஓட்டை உடைசல் சரக்குக் கப்பல் ஒன்றை வைத்துக்கொண்டு கடத்தல் செய்து பிழைக்கும் ஒன்பது பேரின் கதை. உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கம் நின்ற மால் ரெனால்ட்ஸ் என்பவன் கேப்டன். குதிரை, துப்பாக்கி, விண்கலம் மூன்றும் ஒரே காட்சியில் வரும். கெட்ட வார்த்தை பேச வேண்டி வந்தால் எல்லாரும் சீன மொழிக்குத் தாவிவிடுவார்கள். சென்சாரை ஏமாற்ற இதைவிட நாகரிகமான வழி இல்லை. படைத்தவர் ஜாஸ் வீடன். அதற்கு முன்பே ‘பஃபி’ தொடரால் பெயர் வாங்கியவர்.

வீடன் எடுத்துக் கொடுத்த பைலட்டைப் பார்த்த ஃபாக்ஸ் பெரிய மனிதர்களுக்கு முகம் சுண்டிப் போயிற்று. மெதுவாகப் போகிறது, கேப்டன் சிடுமூஞ்சியாக இருக்கிறான், சண்டை போதவில்லை. ஆகவே வேறொரு முதல் எபிசோடு வேண்டும். எப்போது? ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்கள், திங்கட்கிழமை கையில் இருக்க வேண்டும் என்றார்கள். வீடனும் சக எழுத்தாளர் டிம் மினியரும் சனி, ஞாயிறில் உட்கார்ந்து ‘தி டிரெயின் ஜாப்’ என்று ஒரு ரயில் கொள்ளைக் கதையை எழுதி முடித்தார்கள். செப்டம்பர் 20 அன்று ரசிகர்கள் முதலில் பார்த்தது இதைத்தான்.

அடுத்து நேரம். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. விண்வெளிக் கப்பல் கதை பார்க்கும் வயசுப் பையன்கள் வாரத்தில் எந்த ஒரு இரவு வீட்டில் இருக்கமாட்டார்களோ, அந்த இரவு. அடுத்து வரிசை. ஆறாவதாக வர வேண்டிய எபிசோடு மூன்றாவதாக வந்தது. நான்காவது, ஆறாவதாக வந்தது. நடுவில் அக்டோபரில் பேஸ்பால் போட்டி வந்து ஒரு வெள்ளியை விழுங்கியது. நவம்பர் கடைசியில் இரண்டு வெள்ளி காணாமல் போயின. எந்த வாரம் வரும், எந்த வாரம் வராது என்று தெரியாத தொடருக்காக மனிதன் எத்தனை வெள்ளிதான் வீட்டில் உட்கார்ந்திருப்பான்? சராசரியாக வாரம் 47 லட்சம் பேர் பார்த்தார்கள். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. அந்தப் பருவத்து நிகழ்ச்சிகளின் தரவரிசையில் இடம்: 98.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பணம் வசூலித்து, சினிமாத் தொழிலின் பத்திரிகையான ‘வெரைட்டி’யில் விளம்பரம் கொடுத்தார்கள். யுபிஎன் என்ற போட்டி சேனலுக்குத் தபால் அட்டைகளாக அனுப்பி, நீங்களாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்கள். யுபிஎன் அட்டைகளை மட்டும் வாங்கிக்கொண்டது.

இனி அந்த மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது ‘டிராஷ்’. தொடக்கக் காட்சியில் நம் கேப்டன் பாலைவனத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து யோசிக்கிறான். உடம்பில் ஒரு நூல்கூட இல்லை. ஏன் இந்தக் கோலம் என்பதை எபிசோடு பின்னோக்கிப் போய்ச் சொல்கிறது. காரணம் சாஃப்ரன் என்ற மோசடிக்காரி. அக்டோபரிலேயே ஒருமுறை வந்து, அவனைக் கல்யாணம் செய்துகொண்டது போல நடித்து, கப்பலையே அபகரிக்கப் பார்த்தவள். அவளுடைய இரண்டாம் வருகை பரணில் போய்விட்டதால், அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை கேப்டன் மானத்தோடு தப்பித்தான்.

மூன்றாவது ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’. (இரண்டாவதற்கு வருகிறேன், அவசரம் வேண்டாம்.) ஒரு விலைமாதர் விடுதியைக் காப்பாற்றும் கதை. அதன் முடிவில் இனாரா என்ற முக்கியப் பாத்திரம் கப்பலை விட்டுப் போகப்போவதாகக் கேப்டனிடம் சொல்கிறாள். இதை வீடன் வைத்திருந்த இடம் கடைசிக்கு முந்தையது. இதைக் காட்டாமல் விட்டுவிட்டு, இதற்கு அடுத்ததாக வர வேண்டிய எபிசோடை டிசம்பர் 13 அன்று காட்டினார்கள். அதில் இருவரும் அவள் போகப்போவதைப் பற்றிச் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், எப்போது முடிவு செய்தாள்? பார்த்தவர்கள் தாங்கள்தான் நடுவில் தூங்கிவிட்டோமோ என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது ‘தி மெசேஜ்’. கேப்டனுக்குத் தபாலில் ஒரு பெட்டி வருகிறது. திறந்தால் போர்க்காலத் தோழன் ஒருவனின் பிணம். எல்லாரும் துக்கப்பட்டு, உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகும் வழியில், பிணம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த உறுப்புகளைத் தன் உடம்புக்குள் வைத்துக் கடத்திக்கொண்டு வந்த பயல் அவன். செத்தது போல ஒரு மருந்து. பிறகு நிஜமாகவே செத்துப்போகிறான், அது வேறு.

இதை எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் தொடர் ரத்து என்ற செய்தி படப்பிடிப்புக்கு வந்தது. கடைசியாகப் படம்பிடித்த எபிசோடு இதுதான். இசையமைப்பாளர் கிரெக் எட்மன்சன், அந்தத் தோழனின் இறுதிச் சடங்குக் காட்சிக்குப் போட்ட இசையைத் தொடருக்கே தான் சொன்ன விடை என்று பின்னால் சொன்னார். பெட்டியில் அடைத்து, செத்துவிட்டதாக முத்திரை குத்தி, பிறகு எழுந்து உட்காரப்போவது இந்த எபிசோடேதான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு பொருத்தத்தைக் கதாசிரியன் எழுதியிருந்தால் ஃபாக்ஸ் நிர்வாகிகளே ‘நம்பும்படி இல்லை’ என்று திருப்பியிருப்பார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி. ரத்து என்று தெரிந்த பிறகு ஏன் எடுத்து முடித்தார்கள்? எடுத்து முடித்ததை ஏன் காட்டவில்லை?

முதல் கேள்விக்குப் பதில், பாதியில் நிறுத்துவது முழுதாக எடுப்பதைவிடப் பெரிய சிக்கனம் ஒன்றுமில்லை என்பது. செட் நிற்கிறது. நடிகர்களுக்குக் கொடுத்த ஒப்பந்தம், வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் சம்பளம் உண்டு என்கிற வகை. போதாததற்கு, வெளிநாட்டு வியாபாரம் இருக்கிறது. அமெரிக்கத் தொடரை வாங்கும் அயல்நாட்டுச் சேனல்காரன் எபிசோடுக் கணக்கில் வாங்குகிறான். அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள் என்பது அவன் தலைவலி இல்லை. முடித்த சரக்கை விற்கலாம். முக்கால் எபிசோடை யாரும் வாங்கமாட்டார்கள். இந்த மூன்றும் அமெரிக்காவில் டிவிடியாக வருவதற்குச் சில மாதங்கள் முன்பே பிரிட்டனில் ஒளிபரப்பாகிவிட்டன. பாறைமேல் உட்கார்ந்த கேப்டனை உள்ளூர்க்காரர்களுக்கு முன்னால் பிரிட்டிஷார் தரிசித்துவிட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் விளம்பரக் கணக்கில் இருக்கிறது. சேனல் விற்பது நிகழ்ச்சியை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது விற்பது பார்வையாளர்களை. பருவம் தொடங்கும் முன்பே, இந்த நேரத்துக்கு இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று விளம்பரதாரருக்கு உறுதி கொடுத்துப் பணம் வாங்கியிருக்கும். அத்தனை பேர் வராவிட்டால், குறைந்த தலைகளுக்கு ஈடாக வேறு நேரத்தில் இலவசமாக விளம்பரம் போட்டுத் தர வேண்டும். ஆகவே ஆள் வராத எபிசோடு ஒவ்வொன்றும் சேனலுக்குக் கடன். எடுக்க ஆன செலவு எப்படியும் போய்விட்டது, காட்டினால் மேற்கொண்டு நஷ்டம். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பழைய படத்தைப் போட்டால் இதைவிட நான்கு பேர் கூடுதலாகப் பார்ப்பார்கள். இதனால்தான் ரத்தான தொடர்களின் மிச்சத்தைப் பல சேனல்கள் கோடை காலத்துக்குத் தள்ளிவிடும். அமெரிக்காவில் ஜூலை மாதம் யாரும் டிவி பார்ப்பதில்லை என்பது ஐதீகம். யாரும் பார்க்காத தொடரை யாரும் பார்க்காத மாதத்தில் போட்டால் யாருக்கும் வருத்தமில்லை. ‘ஃபயர்ஃபிளை’க்கு அந்த ஜூலைகூடக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போது பரணுக்குச் சாவி யாரிடம் என்று பார்க்க வேண்டும். ரசிகர்கள் திட்டித் தீர்த்தது சேனலை. ஆனால் எபிசோடுகள் சேனலுக்குச் சொந்தமில்லை. தொடரை எடுத்தது டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் டெலிவிஷன் என்ற ஸ்டூடியோ. ஒளிபரப்பியது ஃபாக்ஸ் சேனல். அன்றைக்கு இரண்டும் ஒரே முதலாளியின் பிள்ளைகள், ஆனால் கல்லாப்பெட்டி தனித்தனி. சேனல், எபிசோடுக்கு இவ்வளவு என்று ஸ்டூடியோவுக்கு உரிமக் கட்டணம் கொடுக்கும். அதற்குப் பதிலாக ஒளிபரப்பும் உரிமை மட்டும் கிடைக்கும். அந்தக் கட்டணம் தயாரிப்புச் செலவை ஈடுகட்டாது. துண்டு விழும் தொகையை ஸ்டூடியோ தன் கையிலிருந்து போடும். எந்த நம்பிக்கையில்? தொடர் நான்கைந்து வருடம் ஓடி, எண்ணிக்கை ஏறத்தாழ நூறு எபிசோடைத் தொட்டுவிட்டால், உள்ளூர் நிலையங்களுக்குத் தினம் ஒன்றாக மறு ஒளிபரப்புக்கு விற்று மொத்தத்தையும் அள்ளிவிடலாம் என்ற நம்பிக்கையில்.

பதினான்கை வைத்துக்கொண்டு தினம் ஒன்றாகப் போட்டால் மூன்று வாரத்துக்குக்கூட வராது. ஆகவே 2002 டிசம்பரில் ஸ்டூடியோவின் கையில் இருந்தது, விற்க முடியாத பண்டம் ஒன்றும் வராத கடன் ஒன்றும். பத்து வருடம் முன்பாக இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். டேப்புகள் ஒரு கிடங்கில் குளிரூட்டப்பட்ட அறையில் சுகமாக இருந்திருக்கும்.

காப்பாற்றியது கலைத்தாகம் இல்லை, பிளாஸ்டிக் தட்டு. முழுத் தொடரை வீடியோ கேசட்டில் வாங்குவதென்றால் அதற்கே ஓர் அலமாரி வேண்டும், கடைக்காரனும் அவ்வளவு இடம் தரமாட்டான். டிவிடி வந்ததும் ஒரு பருவம் முழுவதும் ஒரு புத்தகப் பருமனில் அடங்கிவிட்டது. 2000-இல் ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரை இப்படிப் பெட்டி போட்டு விற்றுப் பார்த்ததும் ஃபாக்ஸ்தான். நன்றாகப் போயிற்று. இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. ஒளிபரப்புக்கு 47 லட்சம் பேர் என்பது தோல்வி, ஏனென்றால் அவர்களில் யாரும் காசு கொடுக்கவில்லை. பெட்டி விற்பனைக்கு ஒரு லட்சம் பைத்தியங்கள் போதும், ஒவ்வொருவரும் பர்ஸைத் திறப்பார்கள்.

ஒளிபரப்பாதது என்ற அவமானமும் அட்டைமேல் பெருமையாக மாறியது. ஏற்கனவே பார்த்த 11 எபிசோடுகளை மறுபடி காசு கொடுத்து வாங்கச் சொன்னால் ரசிகனே கொஞ்சம் யோசிப்பான். பார்க்காதது மூன்று உள்ளே இருக்கிறது என்றால் யோசிக்கமாட்டான். சேனல் அன்றைக்கு அந்த மூன்றையும் காட்டியிருந்தால் ஸ்டூடியோவின் பெட்டிக்கு இந்த மவுசு இருந்திருக்குமா என்பது என் சந்தேகம். 2003 டிசம்பர் 9 அன்று, ரத்தாகி ஒரு வருடத்துக்குள், 14 எபிசோடும் வீடன் நினைத்த வரிசையில் நான்கு தட்டுகளில் வெளிவந்தன. முதல் எபிசோடு முதலில் வந்தது! நான்கே மாதத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றது.

ஒரு வருடம் என்பது இந்த உலகத்தில் மின்னல் வேகம். அதற்கு யாரும் அதிகம் பேசாத ஒரு காரணம் உண்டு: பாட்டு. ‘ஃபயர்ஃபிளை’யில் இசை முழுக்க எட்மன்சன் புதிதாகப் போட்டது. தலைப்புப் பாடலை வீடனே எழுதினார், ப்ளூஸ் பாடகர் சன்னி ரோட்ஸ் பாடினார். எல்லாம் வீட்டுச் சமையல், எவனிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நடிகர், எழுத்தாளர், இயக்குநர் சங்கங்களுக்கு விற்பனையில் இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், கணக்குப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

பாட்டு விஷயத்தில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ இருக்கிறது. 1999-இல் என்பிசி தொடங்கிய பள்ளிக்கூடக் கதை. 18 எடுத்தார்கள், 12 காட்டியதும் ரத்து. மூன்றை 2000 ஜூலை 8 அன்று ஒரே இரவில் கொட்டிக் கவிழ்த்தார்கள். கடைசி மூன்று எபிசோடுகள் பின்னர் ஃபாக்ஸ் ஃபேமிலி என்ற வேறொரு சேனலில் முதன்முதலாகத் தலைகாட்டின. சரி, டிவிடி? கதை நடப்பது 1980-81-இல். ஆகவே காட்சிக்குக் காட்சி அந்தக் காலத்து ராக் பாட்டு. ஒரு பாட்டுக்கு உரிமைக்காரர் இருவர். மெட்டும் வரியும் ஒரு பதிப்பகத்திடம், குரல் பதிவான ஒலிநாடா ஒரு ரெக்கார்டு கம்பெனியிடம். எடுத்தபோது இருவரிடமும் தொலைக்காட்சியில் காட்ட மட்டும் அனுமதி வாங்கியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்க்கும் தட்டுக்கு மறுபடி முதலிலிருந்து பேரம். ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வாசல், ஒவ்வொரு வாசலிலும் ஒரு வக்கீல்.

பல தொடர்களில் இதற்கு ஒரு மட்டமான வழி பிடிப்பார்கள். பாட்டை உருவிவிட்டு, யாரோ வாசித்த பேர் தெரியாத கிட்டாரைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ எடுத்த பால் ஃபீகும் ஜட் அபடோவும் அதற்கு ஒப்பவில்லை. வந்தால் எல்லாப் பாட்டோடும் வரட்டும், இல்லாவிட்டால் கிடக்கட்டும் என்றார்கள். பெரிய கம்பெனிகள் கைவிரிக்க, ஷவுட் ஃபேக்டரி என்ற சின்ன நிறுவனம் உரிமைகளை ஒவ்வொன்றாக வாங்கி 2004 ஏப்ரலில் வெளியிட்டது. ரத்தாகி நான்கு வருடம். இடையில் ஆகியிருந்த தாமதத்துக்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. பையன்கள் காரில் போகும்போது ரேடியோ பாடியதுதான் காரணம்.

‘ஃபயர்ஃபிளை’க்குத் திரும்பினால், அதற்கு ஒரு கூடுதல் பலனும் கிடைத்தது. கப்பலில் எரிபொருள் தீர்ந்துபோகும் எபிசோடு ஒன்றில், அதிசயம் நடந்தால் எல்லாரையும் திரும்ப அழைக்க என்று ஒரு பொத்தான் வரும். தொடர் முடிந்தபோது அதில் நடித்த ஆலன் டுடிக், செட்டிலிருந்து அந்தப் பொத்தானை எடுத்து வீடனிடம் கொடுத்தார், அதிசயம் நடக்கும்போது அழையுங்கள் என்ற அர்த்தத்தில். வீடன் நிஜமாகவே அழைத்தார். யுனிவர்சல் நிறுவனம் சினிமா உரிமையை வாங்கி, ‘செரினிட்டி’ என்ற பெயரில் 2005 செப்டம்பர் 30 அன்று முழுநீளப் படமாக வெளியிட்டது. படம் சுமாராகத்தான் போயிற்று. பொத்தான் கொடுத்த டுடிக்கின் பாத்திரத்தை அந்தப் படத்தில் கொன்றுவிட்டார்கள். கூப்பிடுங்கள் என்று சொல்லும் முன் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்திருக்கலாம்.

எல்லாப் பரணிலும் புதையல் இருக்கும் என்று மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம். 1969 பிப்ரவரி 5 அன்று ஏபிசி சேனல் ‘டர்ன்-ஆன்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொடங்கியது. கம்ப்யூட்டர் தயாரித்த நிகழ்ச்சி என்பது பாவனை. சிரிப்பொலி கிடையாது, அதற்குப் பதில் மின்னணுக் கருவியின் கீச்சுக் கூச்சு. வெள்ளைப் பின்னணியில் ஆட்கள் வந்து வந்து பச்சையாக ஜோக் சொல்லிவிட்டுப் போனார்கள். கிளீவ்லாந்து நகர நிலையம் முதல் எபிசோடின் விளம்பர இடைவேளைக்குப் போனது, திரும்பி வரவில்லை. நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கே ரத்து. மேற்கே நேரம் பிந்தி ஒளிபரப்ப வேண்டிய சில நிலையங்கள் அதற்குள் விஷயம் தெரிந்து, தொடங்கவே மறுத்துவிட்டன. அடுத்த வாரத்துக்காக நடிகர் ராபர்ட் கல்ப் தோன்றும் இரண்டாம் எபிசோடு முழுதாகத் தயாராக இருந்தது. அதை ஏபிசி காட்டவில்லை. அதற்காக யாரும் தபால் அட்டை அனுப்பவில்லை, பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கவில்லை, பெட்டி போட்டு விற்கலாம் என்று எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தோன்றவில்லை. முதல் எபிசோடில் சிறப்பு விருந்தினராக வந்த டிம் கான்வே, தொடக்க விழாவும் வழியனுப்பு விழாவும் ஒரே பார்ட்டியாக நடந்தது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நிகழ்ச்சியிலிருந்து வந்த நல்ல ஜோக் அது ஒன்றுதான்.